உயர்விலை நல்லெண்ணெய்: அசல்தன்மை எங்கே தங்கியிருக்கிறது?

1. கேள்வி

தமிழ்நாட்டில் ஒரு நல்ல மளிகைக் கடையின் எண்ணெய் அடுக்கைப் பார்த்தால், நல்லெண்ணெய் என்ற ஒரே பெயரில் விலையில் பாதிக்குப் பாதி வேறுபடும் புட்டிகள் அருகருகே நிற்கின்றன. ஒரு பக்கம் ஆலையில் பிழிந்து உறையில் அடைத்தவை. மறுபக்கம் ‘மரச்செக்கு’, ‘கருப்பட்டி சேர்த்தது’, ‘பாரம்பரிய முறை’ என்ற சொற்களைத் தாங்கிய கண்ணாடிப் புட்டிகள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தர வரையறையில் இரண்டுமே எள் எண்ணெய்தான். அந்த வரையறை செக்கையும் கருப்பட்டியையும் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அப்படியானால் கூடுதல் விலைக்கு ஈடாக வாங்குபவர் பெறுவது என்ன? நல்லெண்ணெயை உயர்தரப் பண்டமாக நிறுத்த முனையும் ஓர் உற்பத்தியாளரின் கையில், மரபின் எந்தப் பகுதி முதலில் நழுவுகிறது? இக்கட்டுரை இந்த இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விலை ஏறுவதாலோ புட்டி அழகாவதாலோ அசல்தன்மை கெடுவதில்லை என்பது என் வாதம். எள், கருப்பட்டி, தெளிய வைக்கும் காலம் ஆகிய மூன்றில் எடுக்கப்படும் முடிவுகளில்தான் அது தங்கியிருக்கிறது. உயர்விலைச் சந்தை விரும்பும் மாறாத நிறமும் மாறாத சுவையும் அந்த மூன்றையும் ஒருசேர அரிக்கின்றன.

2. இதுவரையான புரிதல்கள்

நல்லெண்ணெயின் மதிப்பை உயர்த்தும் முயற்சி புதிதல்ல. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றிய சில்லறை எண்ணெயிலிருந்து முத்திரையிட்ட உறைக்கு மாறியதே முதல் உயர்வு. விருதுநகர் போன்ற எண்ணெய் வணிக ஊர்களின் நிறுவனங்கள் அந்த மாற்றத்தை முன்னெடுத்தன. இதயம் நல்லெண்ணெய் விளம்பரத்தில் நடித்ததால் ஒரு நடிகை ‘நல்லெண்ணெய் சித்ரா’ என்றே அழைக்கப்பட்டார் என்பதிலிருந்து அந்த விளம்பரங்கள் எவ்வளவு ஆழமாகப் பதிந்தன என்று அறியலாம். அன்று விற்கப்பட்டது நம்பிக்கை. அதாவது, கடைக்காரர் கலப்படம் செய்ய முடியாது என்ற உறுதி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த இரண்டாவது அலை அந்த உறுதியையே கேள்விக்குள்ளாக்கியது. நம்மாழ்வார் பரப்பிய இயற்கை வேளாண்மை உணர்வும், ஆலை உணவின் மீது வளர்ந்த ஐயமும் சேர்ந்து, ஊருக்கு ஊர் மின்விசைச் செக்குகளை மீண்டும் கொண்டுவந்தன. இப்போது செக்கு எண்ணெய்க்குள்ளேயே மேல், கீழ் என்று பிரிக்கும் மூன்றாவது கட்டம் தொடங்கியிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் அசல்தன்மை குறித்து மூன்று பார்வைகள் புழங்குகின்றன. வணிகத் துறையினர் பலர் அதை ஒரு கதையாகக் காண்கிறார்கள். பாட்டியின் படமும் மாட்டுச் செக்கின் ஓவியமும் இருந்தால் போதும், உள்ளே இருப்பதை யாரும் சோதிக்கப் போவதில்லை என்பது இதன் உட்பொருள். மரபு ஆர்வலர்கள் கருவியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: வாகை மர உலக்கை, மாடு, மெதுவான சுற்று. மூன்றாவது, ஆய்வகப் பார்வை. எண்களில் தேறினால் எண்ணெய் தூயது, மற்றவை அனைத்தும் நம்பிக்கை என்கிறது அது.

முதல் பார்வையை விரைவாகக் கடந்துவிடலாம். நாக்கும் மூக்கும் பழகிய வீடுகளில் இட்லிப் பொடியில் ஊற்றிய முதல் கரண்டியிலேயே கதை உடைந்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் கவனமாக எடைபோட வேண்டியவை.

கருவியை மரபாகக் கொள்வோர் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல், மரபு ஒரே கருவியைக் கொண்டிருக்கவில்லை என்பது. இந்தியாவின் செக்குகளை விரிவாக ஆவணப்படுத்திய உணவு வரலாற்றாளர் கே.டி. அச்சயா, வட்டாரத்துக்கு வட்டாரம் உரலின் அளவும் அமைப்பும் மாறுவதைக் காட்டியிருக்கிறார். தமிழ்நாட்டிலேயே கல் உரல்கள் பரவலாக இருந்தன. எழுத்துப் பொறித்த பழைய கல்செக்குகள் பல ஊர்களில் கிடைத்துள்ளன. எனவே மரம்தான் மரபு என்பது பாதி உண்மை.

மரம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் எண்ணெய் குளிர்ச்சியாக இருக்கிறது என்ற விளக்கமும் இயற்பியலோடு பொருந்தவில்லை. மரம் இரும்பைவிட வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். செக்கில் சூடு குறைவாக இருப்பதற்குக் காரணம் மெதுவான சுற்றும் சிறிய ஈடும்தான். வேகத்தைக் கூட்டினால் வாகை உலக்கையும் எண்ணெயைச் சூடாக்கும். உயர்விலையின் முழு எடையையும் மரத்தின் மீது ஏற்றும் விற்பனையாளர், மரபின் மிகப் பலவீனமான காலில் நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

3. செக்குக்குள் நடப்பது

அசல்தன்மை எங்கே இருக்கிறது என்று காண, ஒரு ஈடு எண்ணெய் உருவாகும் வழியைத் தொடர வேண்டும்.

எள்ளில் ஏறத்தாழ பாதி எடை எண்ணெய். நெற்றுகள் மேலிருந்து வெடிப்பதற்கு முன் செடியை அறுத்து, சில நாட்கள் குவித்து வைத்து, பிறகு வெயிலில் காயவைத்து உதறி எடுக்கிறார்கள். குவித்து வைத்திருக்கும் அந்த நாட்களில் மழை பெய்தால் எள் கறுத்து முசுநாற்றம் பிடிக்கிறது. எண்ணெய் உடைந்து கட்டற்ற கொழுப்பு அமிலம் கூடுகிறது. பின்னால் எந்தச் செக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆலை எண்ணெய்க்கு இது பெரிய குறையன்று, சுத்திகரிப்பில் அமிலமும் வாடையும் நீங்கிவிடும். செக்கு எண்ணெய்க்கு அப்படி ஒரு மறுவாய்ப்பு இல்லை. ஆகவே உயர்தர நல்லெண்ணெயின் முதல் முடிவு சிவகிரி போன்ற எள் ஏலம் நடக்கும் விற்பனைக்கூடங்களிலோ விவசாயியின் களத்திலோ எடுக்கப்படுகிறது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் எள் வருகிற இந்நாளில், எந்த ஊர், எந்தப் பட்டம் என்ற விவரமே தரத்தின் முதல் வரி.

இரண்டாவது முடிவு கருப்பட்டி. நன்றாக நசுங்கிய எள் மாவில் எண்ணெய் பிரிந்து வர சிறிது ஈரமும் ஒட்டும் தன்மையும் வேண்டும். கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, அளவாகத் தண்ணீர் தெளிக்கும்போது மாவு புண்ணாக்காகத் திரண்டு எண்ணெயைக் கக்குகிறது. பத்துக் கிலோ எள்ளுக்கு ஒரு கிலோ வரை கருப்பட்டி போடுவது பரவலான வழக்கம், ஊருக்கு ஊர் அளவு மாறும். சர்க்கரை எண்ணெயில் கரையாது. எனவே இனிப்பில் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடுகிறது. எண்ணெயில் தங்குவது மணமும் ஒரு மெல்லிய மென்மையும். செக்கிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாகக் குழந்தைகள் எள்ளுப் புண்ணாக்கைத் தின்பது இந்த இனிப்புக்காகத்தான்.

தண்ணீர் அளவு தவறினால் விளைவு உடனே தெரியாது, பின்னால் தெரியும். குறைந்தால் எண்ணெய் புண்ணாக்கிலேயே தங்கும். கூடினால் எண்ணெய் கலங்கலாக வரும், தாளிக்கும்போது நுரைத்துப் பொரியும், சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். இந்தக் கைப்பக்குவத்தை இயந்திரத்தில் ஓர் எண்ணாகப் பொருத்த முடியாது. எள்ளின் காய்ச்சலைப் பொறுத்து ஒவ்வொரு ஈட்டுக்கும் செக்குக்காரர் முடிவெடுக்கிறார்.

மூன்றாவது, தெளிய வைத்தல். அகன்ற பாத்திரத்தில் வாய்க்குத் துணி கட்டி, சில நாட்கள் வெயிலில் வைத்தால் ஈரம் ஆவியாகிக் கசண்டு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுப்பார்கள். இந்த மரபுக்கும் ஓர் எல்லை உண்டு. வெளிச்சமும் காற்றும் எண்ணெயைக் காறச் செய்பவை. எள்ளில் இயல்பாக உள்ள செசமின், செசமோலின் போன்ற பொருள்களும், செசமோலினிலிருந்து உருவாகும் செசமோலும் பிற எண்ணெய்களைவிட நல்லெண்ணெயை நீண்ட நாள் காக்கின்றன. ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைத் தேர்ந்த பழக்கத்துக்குச் சுவையோடு இந்தக் காப்பும் துணைநின்றிருக்க வேண்டும். ஆனாலும் அந்தக் காப்பு எல்லையற்றதன்று. தெளியும்வரை வெயில், தெளிந்தபின் இருட்டு என்பதே சரியான வரிசை. கடை வெளிச்சத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளைக் கண்ணாடிப் புட்டி, நிறத்தைக் காட்டுவதற்காக எண்ணெயைக் கெடுக்கிறது. பழுப்புக் கண்ணாடியோ தகர டப்பாவோ மரபில் இல்லாதவைதான். ஆனால் மரபு காக்க நினைத்ததை அவைதான் காக்கின்றன.

4. ஓர் ஈட்டின் கணக்கு

விலை நியாயமா என்று பார்க்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இங்கே தரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சந்தையில் அவை ஏறி இறங்கும். தொழிலில் உள்ளோர் சொல்லும் விகிதம் இரண்டரைக் கிலோ எள்ளுக்கு ஒரு லிட்டர் எண்ணெய்.

பத்துக் கிலோ எள்ளைக் கிலோ 160 ரூபாய்க்கு வாங்கினால் 1,600 ரூபாய். அசல் பனங்கருப்பட்டி ஒரு கிலோ 300. ஆட்டுக்கூலியும் மின்சாரமும் 150. மொத்தம் 2,050. புண்ணாக்கு ஆறு கிலோ, கிலோ 40 என்று விற்றால் 240 திரும்பி வருகிறது. மிச்சம் 1,810 ரூபாய்; கிடைப்பது நான்கு லிட்டர். செக்கடியிலேயே லிட்டர் ஏறக்குறைய 452 ரூபாய் ஆகிவிடுகிறது. கசண்டில் போகும் இழப்பு, புட்டி, வண்டிக்கூலி, கடைக்காரரின் பங்கு ஆகியவற்றைச் சேர்த்தால் 600 ரூபாயைத் தாண்டுவது இயல்பு.

இப்போது கருப்பட்டிக்குப் பதில் கிலோ 60 ரூபாய்க்குக் கரும்பு வெல்லம் போட்டால், அதே ஈட்டின் அடக்கம் 1,570 ரூபாய்க்கு இறங்குகிறது. லிட்டருக்கு 60 ரூபாய் மிச்சம். வெல்லமும் ஈரத்தைத் தரும், ஒட்டவும் வைக்கும். எண்ணெய் பிரிவதில் பெரிய வேறுபாடு இராது. மணம் மட்டும் மாறும். ‘கருப்பட்டி’ என்று அச்சிட்ட புட்டிக்குள் வெல்லம் நுழைவதற்கான தூண்டுதல் இங்கேதான் இருக்கிறது. கருப்பட்டியிலேயே சர்க்கரைக் கலப்படம் பெருகியிருப்பதால், நேர்மையான செக்குக்காரரும் ஏமாற்றப்படலாம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இந்த இடத்தில் நடைமுறைப் பயன் தரும். ‘பாரம்பரிய முறை’ என்று எழுதுவதைவிட, எந்த ஊர்க் கருப்பட்டி, பத்துக் கிலோவுக்கு எவ்வளவு என்று எழுதும் சீட்டு மேலான உறுதி.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. எள்ளின் விலையை இரண்டரையால் பெருக்கினால் வருவதைவிடக் குறைந்த விலையில் ஒருவர் செக்கு நல்லெண்ணெய் விற்கிறார் என்றால், புண்ணாக்கு வரவு அந்த இடைவெளியை மூடாது. அந்தப் புட்டியைப் பற்றி ஐயப்பட வாங்குபவருக்கு முழு நியாயம் உண்டு.

5. ஆய்வகம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நல்லெண்ணெய்க்கு ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் சேர்த்துக் குலுக்கினால் எள் எண்ணெய் இளஞ்சிவப்பாகும். இது பௌடுயின் சோதனை. இந்தியாவில் வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு எள் எண்ணெய் இருக்க வேண்டும் என்று விதித்ததே இதற்காகத்தான். நெய்யில் வனஸ்பதி கலந்தால் அந்தச் சிவப்பு காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் இதே காரணத்தால் இந்தச் சோதனை நல்லெண்ணெயின் தூய்மைக்குச் சான்றாகாது. சிறிதளவு எள் எண்ணெய்க்கே நிறம் வந்துவிடும்போது, பெரும்பகுதி வேறு எண்ணெயாக உள்ள கலவையும் சிவக்கும். ‘சோதனையில் தேறியது’ என்ற சொல்லைப் பார்க்கும்போது எந்தச் சோதனை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வீடுகளில் செய்யும் குளிர்பெட்டிச் சோதனையும் அப்படியே. பாமாயில் அதிகம் கலந்திருந்தால் உறையும், தூய நல்லெண்ணெய் திரவமாகவே நிற்கும். தவிட்டெண்ணெய் கலந்திருந்தால் இதில் சிக்காமல் போகலாம். கொழுப்பு அமிலங்களைப் பிரித்தறியும் ஆய்வு இவற்றைவிட வலுவானது. நல்லெண்ணெயில் பால்மிடிக் அமிலம் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும், பாமாயிலில் நாற்பதைத் தாண்டும், தவிட்டெண்ணெயில் இருபதை நெருங்கும். தவிட்டெண்ணெயின் ஓரைசனாலைத் தனியாகவும் தேடலாம்.

ஆகவே எண்ணெய் எள்ளினுடையதா, கெடாமல் இருக்கிறதா என்ற இரண்டுக்கும் ஆய்வகம் நல்ல விடை தரும். சூடேற்றாமல் பிழிந்த எண்ணெய்க்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்திருக்கும் எல்லை, அமில எண் 4, பெராக்சைடு எண் 15. உயர்தரம் என்று சொல்லிக்கொள்பவர் இந்த எல்லைக்கு மிகக் கீழே தமக்கென ஓர் எல்லையை வகுத்து அதைப் புட்டியில் அச்சிடலாம். ஒலிவ எண்ணெயில் நடந்தது இதுதான். ஐரோப்பாவில் மேல்தர ஒலிவ எண்ணெய் என்ற பெயருக்குக் கட்டற்ற அமிலம் 0.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; அமில எண்ணாகச் சொன்னால் ஏறக்குறைய 1.6. அதோடு பயிற்சி பெற்ற சுவைஞர் குழு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லவும் வேண்டும். எண்ணும் நாக்கும் சேர்ந்தே அங்கே விலையைத் தாங்குகின்றன. நல்லெண்ணெய்க்கு அப்படியொரு சுவைஞர் மரபு எழுத்தில் உருவாகவில்லை. ‘காறல்’, ‘கசப்பு’, ‘சிக்கு’, ‘முசு’ என்று குறைகளைக் கறாராகப் பிரிக்கும் சொற்கள் செக்குக்காரர்களிடமும் சமையலறைகளிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஒரு முறையாகத் திரட்டினால் எந்த விளம்பரத்தையும்விடப் பெரிய பணியாக அமையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆய்வகத்தால் எளிதில் சொல்ல முடியாதது, அது செக்கில் ஆட்டியதா, கருப்பட்டி போட்டதா என்பது. இரும்பு இயந்திரத்தில் பிழிந்து வடிகட்டிய எண்ணெயும் எள் எண்ணெய்தான். அதன் கொழுப்பு அமிலங்கள் மாறுவதில்லை. கருப்பட்டியின் சர்க்கரை புண்ணாக்கில் இருக்கிறதே தவிர எண்ணெயில் இல்லை. இந்த உரிமைகோரல்களைச் செக்கடியில்தான் சரிபார்க்க முடியும்: கொள்முதல் பற்றுச்சீட்டு, ஈடு வாரியான குறிப்பேடு, புண்ணாக்கின் சுவை. மரபின் மதிப்புமிக்க பகுதி புட்டிக்குள் பார்க்க முடியாததாக இருப்பதால், உயர்விலை விற்பனையாளர் கதவைத் திறந்து வைப்பது விலையின் பகுதியாகிறது.

6. மாறாத சுவை என்னும் கோரிக்கை

அதிக விலை கொடுப்பவர் பெரும்பாலும் மூன்றை எதிர்பார்க்கிறார்: கண்ணாடிபோன்ற தெளிவு, எப்போதும் ஒரே நிறம், நீண்ட ஆயுள். மூன்றும் நியாயமான விருப்பங்களாகத்தான் தோன்றுகின்றன. மூன்றையும் ஒருசேரத் தர முனைந்தால் எண்ணெய் படிப்படியாக ஆலை எண்ணெயின் திசையில் நகர்கிறது.

தெளிவுக்காக நுண்வடிகட்டியில் அழுத்தி ஏற்றினால் கசண்டு போகிறது, ஓரளவு மணமும் போகிறது. ஒரே நிறத்துக்காகப் பல பட்டங்களின் எள்ளைக் கலக்கிறார்கள். கறுப்பெள், செவ்வெள், வெள்ளெள் ஆகியவற்றின் தனித்தன்மை அதில் கரைந்துவிடுகிறது, எந்த ஊர் எள் என்ற விவரமும் பொருளற்றுப் போகிறது. நீண்ட ஆயுளுக்காகக் கருப்பட்டியையும் தண்ணீரையும் குறைத்தால் கலங்கல் குறையும். அந்த எண்ணெயை விரும்பி வாங்கியவர் தேடிய மணமும் குறையும். ஒவ்வொரு மாற்றமும் சிறியது, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அதனால்தான் யாரும் கவனிக்காமலே நடந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக நான் முன்வைப்பது, ஈட்டையே விற்பனை அலகாகக் கொள்வது. புட்டியின் மீது எள்ளின் வகை, விளைந்த பகுதி, பட்டம், கருப்பட்டியின் அளவு, ஆட்டிய நாள், தெளிய வைத்த நாட்கள், அமில எண் ஆகியவை இருந்தால், நிற மாற்றம் குறையாகத் தோன்றாது. மாசிப்பட்டத்துக் கறுப்பெள் எண்ணெயும் அடுத்த பட்டத்துச் செவ்வெள் எண்ணெயும் வெவ்வேறாக இருப்பது வாங்குபவருக்கு முன்பே தெரிந்திருக்கும். அடியில் மெல்லிய கசண்டு தங்கலாம் என்பதையும், ஆட்டிய நாளிலிருந்து எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் நேராகச் சொல்லிவிடலாம். ஆயுள் குறைவு என்பதை மறைக்காமல் எழுதும் துணிவு இதற்கு வேண்டும். கடைக்காரர்கள் இதை எதிர்ப்பார்கள். திரும்பி வரும் புட்டிகளின் சுமை அவர்கள் தலையில் விழும் என்பது உண்மையான கவலை. எனவே இத்தகைய எண்ணெய்க்குப் பொது மளிகை அடுக்கைவிட முன்பதிவும் நேரடி விற்பனையும் பொருந்தும்.

மருத்துவ உரிமைகோரல்களிலிருந்து விலகி நிற்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். ‘கொழுப்பைக் குறைக்கும்’, ‘இதயத்தைக் காக்கும்’ போன்ற வரிகள் சட்டச் சிக்கலைக் கொண்டுவருவதோடு, எண்ணெயை மருந்துக்கடைப் பொருளாகப் பேசிப் பேசி, புளிக்காய்ச்சலிலும் மிளகாய்ப் பொடியிலும் அதற்குள்ள இடத்தை மறக்கடிக்கின்றன. நல்லெண்ணெயின் உயர்வு உணவில் இருக்கிறது; விலையையும் அங்கேயே நியாயப்படுத்த வேண்டும்.

7. அளவின் எல்லை

ஒரு செக்கில் ஒரு ஈட்டுக்கு 15 முதல் 20 கிலோ எள், ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஆட்டம் என்று கொண்டால், நாளுக்கு எட்டு ஈடுகள் ஆட்டினாலும் கிடைப்பது 50, 60 லிட்டர். புகழ் கூடி ஆணைகள் 200 லிட்டருக்கு ஏறும்போது உற்பத்தியாளர் முன்னால் சில வழிகள் உள்ளன. செக்குகளைக் கூட்டலாம், அதற்குப் பக்குவம் அறிந்த ஆட்களும், மழையில் நனையாத எள்ளும் அதே அளவில் கூட வேண்டும். சுற்று வேகத்தைக் கூட்டலாம், சூடு ஏறும். வெளியே எண்ணெய் வாங்கித் தம் புட்டியில் அடைக்கலாம். மூன்றாவது வழி மிக எளிது. ஆய்வகம் அதைக் கண்டுபிடிக்காது என்பதை முன்பே பார்த்தோம். என் மதிப்பீட்டில் உயர்விலை நல்லெண்ணெயின் அசல்தன்மை மிகப் பெரும்பாலும் இழக்கப்படும் இடம் இதுவே.

‘இந்தப் பட்டத்து எண்ணெய் தீர்ந்துவிட்டது’ என்று சொல்வது வணிகத்தில் தோல்வியாகக் கருதப்படுகிறது. ஈடு எண்ணும் ஆட்டிய நாளும் அச்சான புட்டிகளை விற்பவருக்கு அது இயல்பான அறிவிப்பு; ஆண்டுக்கு எத்தனை லிட்டர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதுவே வாங்குபவருக்கு உறுதியும் ஆகும். மழை நனைத்த எள்ளில் வந்த, அமில எண் தாம் வகுத்த எல்லையைத் தாண்டிய ஈடுகள் எல்லாச் செக்கிலும் இருக்கும். சட்ட எல்லைக்குள் இருந்தால் அவற்றை வேறு பெயரில், குறைந்த விலையில், காரணத்தைச் சொல்லி விற்கலாம். அதையும் தாண்டியவற்றைச் சமையலுக்கென விற்காமல் ஒதுக்கிவிட வேண்டும். மேல்தரப் புட்டியின் விலை, இப்படிக் கீழிறக்கப்படும் ஈடுகளின் இழப்பையும் தாங்கும்படி முதலிலேயே வகுக்கப்பட வேண்டும். அந்த இழப்புக்கு இடம் வைக்காமல் போட்ட விலையில், முதல் மழைப் பருவத்திலேயே ஏதோ ஒரு கலவை நடந்தாக வேண்டியிருக்கும்.